ஷார்ட்டேஜ் லிஸ்ட் வருவதற்குப் பத்து வாரம் முன்னால்

கேள்வி: பெங்களூரில் ஒரு தனியார் டிகிரி காலேஜில் பி.காம் முதல் வருஷத்துக்கு என்னை மென்ட்டார் ஆக்கியிருக்கிறார்கள். கையில் 60 பேர். போன வருஷம் இதே செக்‌ஷனில் 60 பேர் சேர்ந்து, மூன்றாவது செமஸ்டருக்கு 47 பேர்தான் வந்தார்கள். யார் பாதியில் நின்றுவிடுவார்கள் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? இதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் விற்க வந்திருக்கிறார்கள், வாங்கச் சொல்லலாமா? கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது?

பதில்:

முதலில் அந்தப் 13 பேரை இரண்டாகப் பிரியுங்கள். ஆபீஸில் டி.சி. ரெஜிஸ்டர் இருக்கும். அதை எடுத்து யார் யார் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள் என்று பாருங்கள். நம் ஊரில் கவுன்சலிங் சுற்றுகள் இழுத்துக்கொண்டே போகும். எதற்கும் இருக்கட்டும் என்று பி.காமில் ஒரு சீட்டைப் போட்டு வைத்துவிட்டு, கே.சி.இ.டி.யிலோ காமெட்-கேயிலோ இன்ஜினீயரிங் கிடைத்ததும் கிளம்பிப் போகிறவர்கள் எல்லா வருஷமும் இருப்பார்கள். அவர்கள் படிப்பை நிறுத்தியவர்கள் இல்லை, இடம் மாறியவர்கள். அவர்களுக்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. டி.சி.யே வாங்காமல் காணாமல் போனவர்கள்தான் உங்கள் கணக்கு.

அவர்களில் நான்கைந்து பேருக்கு போன் போடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள், வாய்க்கு வந்த ஒரு காரணம்தான் வரும். கடைசியாக எந்த மாசம் காலேஜுக்கு வந்தாய் என்று கேளுங்கள். பத்தொன்பது வருஷமாக இங்கே காமர்ஸ் நடத்துகிறேன், அதில் பாதி மென்ட்டார் வேலையோடு. இந்தக் கேள்விக்கு எனக்கு அதிகம் கிடைத்த பதில் பரீட்சை ரிசல்ட் வந்த மாசம் அல்ல, சேர்ந்த இரண்டாவது மாசம். ஃபெயிலான பாடத்தைச் சுமந்துகொண்டே அடுத்த செமஸ்டருக்குப் போகலாம் என்பதால் முதல் வருஷத்தில் யாரையும் யாரும் வெளியே அனுப்புவதில்லை. பெயர் ரோலில் அப்படியே கிடக்கும். யு.யு.சி.எம்.எஸ். தளத்தில் எக்ஸாம் அப்ளிகேஷன் போடாத பெயர்களை ஆபீஸ் எடுத்துக் கொடுக்கும்போதுதான் ஆள் இல்லை என்று தெரியவரும். ஆள் போய் மூன்று மாசம் ஆகியிருக்கும்.

வருகை குறைந்தவர்களைப் போடுகிற ஷார்ட்டேஜ் லிஸ்ட்டும் அதே வகைதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். செமஸ்டர் 16 வாரம், அக்கவுன்டன்ஸி வாரத்துக்கு நான்கு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 64. அதில் கட்டாய வருகையான 75 விழுக்காடு 48. ஆக, 16 வகுப்பு விடலாம். வாரத்துக்கு இரண்டு வகுப்பு விடுகிற பையன் எட்டாவது வாரக் கடைசியில் அந்த 16ஐயும் தீர்த்துவிடுவான். அதற்குப் பிறகு ஒரு வகுப்பு போனாலும் ஷார்ட்டேஜ். நம் லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஏறுவது பதினாலாவது வாரத்தில். அன்றைக்கு அவனைக் கூப்பிட்டு அறிவுரை சொன்னால், ஆறு வாரத்துக்கு முன்பே கதவு சாத்தியாகிவிட்டது என்பது அவனுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது. இன்னொன்றும் நடக்கும். ஒரு செமஸ்டரைத் திரும்பப் படி, திரும்ப ஃபீஸ் கட்டு என்றதும், தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்தவனும் அன்றோடு நின்றுவிடுவான். நாலாவது வாரக் கடைசியில் அதே பையனைப் பிடித்தால் 8 போயிருக்கும், இன்னும் 8 கையில் இருக்கும். மிச்சமுள்ள பன்னிரண்டு வாரத்துக்கு அது போதும். அதனால் உங்கள் எச்சரிக்கை நாலாவது வாரத்தில் அடிக்க வேண்டும்.

அந்த வாரத்தில் என்ன பார்ப்பது? பெரிதாக ஒன்றும் வேண்டாம், மூன்றே விஷயம்.

முதலாவது வருகை. அதிலும் மொத்த விழுக்காட்டைப் பார்க்காதீர்கள், சரிவைப் பாருங்கள். நான்கு வாரம் ஒரு வகுப்பு விடாமல் வந்துவிட்டு அடுத்த இரண்டு வாரம் எட்டிப் பார்க்காதவனுக்கும், முதல் நாளிலிருந்தே மூன்றில் ஒரு வகுப்பை விடுகிறவனுக்கும் ஆறாவது வாரத்தில் ரெஜிஸ்டர் ஒரே எண்ணைத்தான் காட்டும், 67. இரண்டாமவன் அப்படியே தேறிப் போய்விடவும் கூடும். முதலாமவனுக்கு வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. இரண்டாவது, கொடுக்காத அசைன்மென்ட். மோசமாக எழுதிக் கொடுத்தவனைப் பற்றிக் கவலை வேண்டாம், கொடுக்கவே இல்லாதவனைப் பாருங்கள். மூன்றாவது, ஒரு சின்ன டெஸ்ட். முதல் இன்டர்னல் வரும்வரை காத்திருந்தால் நாள் ஓடிவிடும். நாலாவது வாரத்தில் நீங்களே 20 மார்க்குக்கு ஒன்று வையுங்கள்.

எக்ஸெல்லில் ஆளுக்கு ஒரு வரி போதும். B பத்தியில் முதல் இரண்டு வாரத்து வருகை விழுக்காடு, C பத்தியில் அடுத்த இரண்டு வாரத்து விழுக்காடு, D-யில் கொடுக்காத அசைன்மென்ட் எண்ணிக்கை, E-யில் டெஸ்ட் மார்க். F-ல் இதைப் போடுங்கள்:

```
=(B2-C2>=20)+(D2>=1)+(N(E2)<8)
```

0 முதல் 3 வரை ஒரு எண் வரும். அந்த N( ) எதற்கு என்று கேட்பீர்கள். முதல் வருஷம் அது இல்லாமல்தான் போட்டேன். டெஸ்ட்டுக்கு வராதவர்களுக்கு வழக்கம்போல AB என்று அடித்து வைத்திருந்தேன். எக்ஸெல்லுக்கு எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. அதனால் AB வாங்கியவனை எட்டுக்கு மேல் வாங்கியவனாக அது எடுத்துக்கொண்டது. டெஸ்ட்டுக்கே வராத ஆறு பேர் என் பட்டியலில் இல்லை! நியாயமாக முதலில் வந்திருக்க வேண்டியவர்களே அவர்கள்தான். N போட்டால் AB சுழியமாகிவிடும்.

20, 8 என்ற எல்லைகள் எங்கேயும் எழுதி வைத்தவை இல்லை. உங்களால் ஒரு வாரத்தில் எத்தனை பேரோடு உட்கார்ந்து பேச முடியுமோ அதை வைத்து நகர்த்திக்கொள்ளுங்கள். எல்லோரும் தவறுவது இங்கேதான். 60 பேரில் பத்துப் பேர் நிற்கப்போகிறார்கள் என்று வையுங்கள். எல்லையைத் தாராளமாக வைத்தால் 30 பெயர் வரும், அந்தப் பத்தில் ஒன்பது பேர் அதற்குள் இருக்கலாம். ஆனால் உங்களால் 30 பேரோடு பேச முடியாது. ஆளுக்கு மூன்று நிமிஷம், வரிசையில் நிற்க வைத்து, ஒழுங்காக வா என்று சொல்லி அனுப்புவீர்கள். இறுக்கினால் 12 பெயர் வரும், அதில் ஆறு பேர்தான் சரியாக இருக்கும், நான்கு பேரைக் கோட்டைவிடுவீர்கள். நான் 12ஐத்தான் எடுப்பேன். ஆளுக்கு இருபது நிமிஷம் என்றால் நான்கு மணி நேரம், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டில் மீதி ஆறு பேர் காரணமில்லாமல் கூப்பிடப்பட்டவர்கள்தான், ஆனால் டீச்சரோடு இருபது நிமிஷம் பேசியதில் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரே நிபந்தனை, கூப்பிட்டதே தண்டனை மாதிரி இருக்கக் கூடாது. வகுப்பில் எல்லார் முன்னாலும் பெயர் படிக்காதீர்கள்.

இனி ஷீட் என்ன காட்டும், என்ன காட்டாது என்பதற்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன்.

ஒருவன் கோலார் தங்கவயல் பையன். 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு அந்த ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாக வந்து, ராத்திரிதான் வீடு திரும்புவார்கள். இவனும் அந்த ரயிலில்தான் வந்தான். மொத்த வருகை 80. ஷீட்டில் வருகைக்குச் சுழியம். ஆனால் டெஸ்ட்டில் ஐந்து மார்க் வாங்கிய பிறகு பாடவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மற்ற பாடங்களில் ஏறக்குறைய முழு வருகை, அக்கவுன்டன்ஸியில் மட்டும் இருபதைத் தாண்டவில்லை. அந்தப் பாடம் வாரத்தில் நான்கு நாளும் முதல் ஹவர். ரயில் இருபது நிமிஷம் தாமதமானால் முதல் ஹவர் போச்சு. அவன் சோம்பேறியும் இல்லை, ஆர்வம் இல்லாதவனும் இல்லை. நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் கழித்துவிட்டு மற்ற எல்லா வகுப்பிலும் உட்கார்ந்திருந்தவன். அறிவுரையால் ரயில் சீக்கிரம் வராது. பி செக்‌ஷனில் அதே பாடம் மூன்றாவது ஹவர். பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்து அவனை அங்கே மாற்றினோம். ஒரு பக்கக் கடிதம், ஒரு கையெழுத்து. உங்கள் பல்கலைக்கழகம் 75ஐ மொத்தமாகக் கேட்கிறதா, பாடத்துக்குப் பாடம் கேட்கிறதா என்று ரெகுலேஷனைப் புரட்டிப் பாருங்கள். பாடத்துக்குப் பாடம் என்றால் B, C பத்திகளில் மொத்த வருகையைப் போடாதீர்கள், அவனவனுக்கு எந்தப் பாடத்தில் மிகக் குறைவோ அதைப் போடுங்கள்.

இன்னொருத்தி ஸ்ரீராமபுரம் பெண். வருகை 95. அசைன்மென்ட் இரண்டும் கொடுக்கவில்லை, டெஸ்ட்டில் 4. ஷீட்டில் 2 வந்தது. கூப்பிட்டால் முதல் பத்து நிமிஷம் ஒன்றுமே பேசவில்லை, "சரி மேம்" மட்டும்தான். நோட்டைக் கொடு என்று வாங்கிப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்பு சிவப்பில், அவ்வளவு அழகான லெட்ஜர். போர்டில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் வீட்டுக்குக் கொடுத்த கணக்குக்கு ஒதுக்கிய பக்கங்கள் எல்லாம் தலைப்போடு நின்றிருந்தன. ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலில் முயற்சி செய்து அழித்திருந்தாள். வாங்கின சரக்கை இரண்டு பக்கமும் எழுதியிருந்த தடம் தெரிந்தது. "பி.யு.சி.யில் என்னம்மா எடுத்தே?" என்று தமிழில் கேட்டேன். "ஹிஸ்டரி, எகனாமிக்ஸ் மேம்." ஆர்ட்ஸ் படித்தவர்களையும் பி.காமில் சேர்த்துக்கொள்கிறோம், பிறகு டெபிட் கிரெடிட் எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பில் முதல் நாளே ஜர்னலைத் தாண்டிப் போய்விடுகிறோம். தினமும் வந்து, புரியாத ஒன்றை அழகாகக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். வருகையை மட்டும் பார்த்திருந்தால் இவளை நல்ல பிள்ளைகள் பக்கத்தில் எழுதியிருப்பேன்.

தேடிப் பார்த்தால் அந்த செக்‌ஷனிலேயே காமர்ஸ் படிக்காமல் வந்தவர்கள் இன்னும் ஏழு பேர். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து வாரம் பிரிட்ஜ் கிளாஸ் போட்டோம், ஜர்னல், லெட்ஜர், டிரையல் பேலன்ஸ், அவ்வளவுதான். கர்நாடகத்தில் 2024-25 முதல் மறுபடியும் மூன்று வருஷ டிகிரி என்றானதிலிருந்து பாடத்திட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் முதல் செமஸ்டர் கணக்கில் பிள்ளைகள் விழுகிற இடம் மாறவில்லை. யார் எந்த பி.யு.சி. என்பது அட்மிஷன் ஃபாரத்திலேயே இருக்கிறது. இதற்கு நாலாவது வாரம்கூட வேண்டாம், முதல் வாரத்திலேயே பிரித்துவிடலாம்.

இனி அந்த இருபது நிமிஷப் பேச்சு. காரணம் கேட்டால் "உடம்பு சரியில்லை மேம்" என்பதோடு முடிந்துவிடும். ஒரு நாளைக் கேளுங்கள். நேற்றைக்கு எத்தனை மணிக்கு எழுந்தாய், எப்படி வந்தாய், காலேஜ் விட்டு எங்கே போனாய், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று. ராத்திரி வேலை, ரயில், தங்கச்சியை ஸ்கூலில் விடுவது, ஃபீஸ் பாக்கிக்காக ஆபீஸ் பக்கம் போகாமல் சுற்றிப் போவது, எல்லாம் அதில் தானாக வந்து விழும். முடிவில் ஒரே ஒரு காரியத்தை முடிவு செய்யுங்கள். அதைச் செய்ய வேண்டியது அவனா நீங்களா என்று எழுதுங்கள். பத்து நாள் கழித்து ஒரு தேதி போட்டு அன்றைக்கு மறுபடி கூப்பிடுங்கள். அந்த இரண்டாவது பேச்சு இல்லாவிட்டால் முதல் பேச்சு வீண், அனுபவத்தில் சொல்கிறேன். காலேஜுக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகிறது என்றால் ஒரே சாயங்காலத்தில் 60 பேரின் மென்ட்டார் டைரியையும் ஒரே நீல மையில் நிரப்புகிற கலை நம் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது அந்த டைரி இல்லை.

ஒரு எச்சரிக்கை. எடுத்தவுடன் வீட்டுக்கு போன் போடாதீர்கள். முக்கியமாகப் பெண் பிள்ளைகள் விஷயத்தில். காலேஜுக்குச் சரியாக வருவதில்லை என்று அப்பா காதில் விழுந்தால், சில வீடுகளில் அதுவே படிப்பை நிறுத்தக் காரணமாகிவிடும். முதலில் பிள்ளையிடம் பேசி, வீட்டில் சொல்லலாமா, யாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு பிறகு பேசுங்கள். மனசு சரியில்லை, தூக்கம் இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் அது மட்டும் வேறு கதை. அங்கே நீங்கள் அக்கவுன்ட்ஸ் டீச்சர் மட்டுமே என்பதை நினைவில் வைத்து, தனியாக விடாமல் கூடவே இருந்து, காலேஜ் கவுன்சலரிடமோ ஆஸ்பத்திரிக்கோ அழைத்துப் போங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். அதன் தலைமை நிலையமே நம் நிம்ஹான்ஸ்தான்.

சாஃப்ட்வேருக்கு வருகிறேன். விற்க வந்தவர் அமெரிக்கக் கதை ஒன்று சொல்லியிருப்பார். பர்டூ பல்கலைக்கழகத்தில் 2007 வாக்கில் கோர்ஸ் சிக்னல்ஸ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், மாணவனுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குக் காட்டும். அந்த முறை இருந்த பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பில் அதிகம் நிலைத்தார்கள் என்று பெருமையாக வெளியிட்டார்கள். 2013இல் சிலர் திருப்பிக் கேட்டார்கள்: நிலைத்து நின்றவர்களுக்குத்தானே இரண்டாவது, மூன்றாவது பாடம் எடுக்க வாய்ப்பே கிடைக்கும்? முதல் பாடத்தோடு ஓடிப்போனவன் எப்படி இரண்டு எடுப்பான்? நியாயமான கேள்வி. யாராவது இப்படி எண்ணைக் காட்டினால் நீங்களும் இதையே கேளுங்கள்.

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கதை இதைவிட உறுதியானது. 2012இலிருந்து 800க்கும் மேற்பட்ட அபாயக் குறிகளைக் கணினி தினமும் பார்க்கிறது. ஆனால் அதோடு கூடவே அவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். சின்னக் கட்டணப் பாக்கியால் பெயர் நீக்கப்படப்போகிறவர்களுக்கு அந்தப் பாக்கியைத் தாங்களே கட்டிவிடும் உதவித்தொகை ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். விற்பனைக்காரர் இந்த இரண்டையும் உங்களுக்கு விற்க மாட்டார். 60 பேருக்கு ஒரு மென்ட்டார், அவருக்கும் வாரத்துக்குப் பதினாறு ஹவர் வகுப்பு என்றால், கூடுதல் சிவப்பு விளக்கு வந்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பணத்தில் உங்கள் வகுப்புச் சுமையில் இரண்டு ஹவரைக் குறைக்கச் சொல்லுங்கள். மிஞ்சினால் எக்ஸாம் ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு சின்ன நிதி வைக்கச் சொல்லுங்கள்.

வாங்கியே தீருவோம் என்றால் ஒன்றை மட்டும் தடுத்துவிடுங்கள். சாதி, அப்பா வருமானம், படித்த மீடியம் இதையெல்லாம் போட்டு முதல் நாளே பிள்ளைகளுக்கு நிறம் பூசிவிடுவார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் ட்ரென்ட் பல்கலைக்கழகம் வேண்டுமென்றே இதைத் தவிர்த்தது. கதவில் கார்டு தேய்ப்பது, நூலகம், அசைன்மென்ட் என்று மாணவன் செய்கிறதை மட்டும் கணக்கில் எடுத்தது, 14 நாள் எதிலும் அசைவு இல்லாவிட்டால் ஆசிரியருக்குத் தகவல் போனது. சாதி என்ன என்பதை மாற்றச் சொல்லி நீங்கள் ஒரு பிள்ளையிடம் பேச முடியாது. கொடுக்காத அசைன்மென்ட்டைப் பற்றிப் பேசலாம். அதோடு உங்கள் ஷீட் உங்கள் கையிலேயே இருக்கட்டும். மேரிலாண்டில் மவுன்ட் செயின்ட் மேரீஸ் என்ற பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களிடம் ஒரு சர்வே எடுத்து, அதை வைத்துத் தேறாதவர்களைக் கணக்கெடுப்புத் தேதிக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டால் நிலைத்தவர்கள் விழுக்காடு உயரும் என்று தலைவரே திட்டம் போட்டார். 2016இல் விஷயம் வெளியே வந்து பதவி விலகினார். ரிசல்ட் விழுக்காட்டுக்காக எதையும் செய்யத் துணிகிற நிர்வாகம் உலகம் முழுக்க உண்டு.

கடைசியாக, என்னால் தக்கவைக்க முடியாத ஒருவன். முதல் இரண்டு வாரம் 95, அடுத்த இரண்டு வாரம் 60. ஷீட் சரியாகக் காட்டியது, நான்தான் ஏழாவது வாரம்வரை கூப்பிடவில்லை. ஹொஸ்கோட்டே பக்கம் ஒரு கோடவுனில் ராத்திரி ஷிஃப்ட். அப்பாவுக்கு வேலை போய், வீட்டு வாடகை இவன் சம்பளத்தில் போய்க்கொண்டிருந்தது. எந்த செக்‌ஷன் மாற்றமும் அதற்கு உதவாது. நிற்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டி.சி.யையும் மார்க்ஸ் கார்டையும் ஒழுங்காக வாங்கிக்கொண்டு போ, ஒரிஜினலை ஆபீஸில் விட்டுவிட்டுப் போனால் பிறகு அலைவாய் என்றேன். வேலை பார்த்துக்கொண்டே தொலைதூரக் கல்வியில் படிக்க இக்னோவில் ஜூலைக்கும் ஜனவரிக்கும் சேர்க்கை உண்டு, ஜனவரிக்குப் போட்டால் வருஷம் முழுசாகப் போகாது என்று சொல்லி, அவன் போனிலேயே ஃபாரத்தைத் திறந்து காட்டினேன். காலேஜ் கணக்கில் அவன் நின்றுபோனவன்தான். ஜனவரியில் ஒரு நாள் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது, என்ரோல்மென்ட் நம்பரோடு. கீழே "பி.காம்தான் மேம்" என்று மட்டும் எழுதியிருந்தான்.